யார் செய்த தாமதம்?

நேரம் தவறிப் பள்ளிக்கு வருவது குற்றமா? குற்றமெனில், அக்குற்றத்தைச் செய்தவர் யார்? வாயிலில் வந்து நிற்கும் பிள்ளையா? அனுப்பி வைத்த பெற்றோரா? அல்லது இருவருக்கும் அப்பால், நம் கண்ணில் படாத வேறு ஏதேனுமா?

ஒரு நாள் பிந்தினால் இக்கேள்வி எழுவதில்லை. மழை என்போம், பேருந்து வரவில்லை என்போம், மறந்துவிடுவோம். மீண்டும் மீண்டும் பிந்தும்போது ஆசிரியர் தாளை எடுக்கிறார். பெற்றோர்க்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதத்தைப் பற்றியே இங்கு ஆராய விரும்புகிறோம். அரைத் தாளில் அடங்கும் சிறு பொருள்தான். ஆனால் அந்த அரைத் தாள் ஒரு பெண்ணின் படிப்பைக் காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும் என்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆகவே எழுதுகிறோம்.

வழக்கமாக எழுதப்படும் கடிதம் எப்படி இருக்கும்? "தங்கள் மகள் தொடர்ந்து காலதாமதமாக வருகிறாள். பலமுறை எச்சரித்தும் திருந்தவில்லை. இந்நிலை நீடித்தால் பள்ளி பொறுப்பாகாது." மூன்றே வாக்கியங்கள். பார்ப்பதற்குக் கண்ணியமாகவே இருக்கின்றன. சற்று உற்றுப் பார்ப்போம்.

'தொடர்ந்து' என்கிறது முதல் வாக்கியம். எத்தனை நாள்? எந்தெந்த நாள்? எவ்வளவு நேரம்? சொல்லவில்லை. சொல்லாத காரணத்தால், கேட்பவர் மனத்தில் அது 'எப்போதும்' என்றாகிவிடும். 'திருந்தவில்லை' என்கிறது இரண்டாவது. திருந்துவது என்றால் முதலில் கெட்டிருக்க வேண்டும். விருப்பத்தோடு பிந்துகிறாள் என்று தீர்ப்பு எழுதியாயிற்று, விசாரணை நடக்கும் முன்பே! 'பொறுப்பாகாது' என்கிறது மூன்றாவது. பிள்ளை வந்து சேரவேண்டிய இடமே கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசுகிறது.

இனி, அக்கடிதம் எவ்வழியே வீடு போய்ச் சேர்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். எடுத்துச் செல்பவள் அந்த மாணவியே. எழுத்தறியாத வீடாயின், படித்துக் காட்டுபவளும் அவளே! தன்மீது சாட்டப்பட்ட குற்றப் பத்திரிகையைத் தானே சுமந்து சென்று, தன் வாயாலேயே தாய் தந்தையர்க்கு வாசிக்க வேண்டும். எந்த நீதிமன்றத்திலும் இல்லாத வழக்கம் இது. அவள் முன் மூன்று வழிகள்தாம் உண்டு. உள்ளபடி படித்து அடி வாங்கலாம். மாற்றிப் படித்து ஏமாற்றலாம். வழியிலேயே கிழித்து எறியலாம். இம்மூன்றையும்விடக் கொடிய நான்காவது ஒன்றும் உண்டு. "அவ்வளவு தொல்லை என்றால் நாளையிலிருந்து போக வேண்டாம், வீட்டிலேயே இரு" என்று தந்தை சொல்லிவிடுவது. ஆண் பிள்ளைக்கு அடியோடு முடிவது, பெண் பிள்ளைக்குப் படிப்போடு முடிந்துபோவதுண்டு.

காரணமின்றிக் காரியமில்லை என்று மேடையிலே முழங்குகிறோம். நோய் வந்தால் கிருமியைத் தேடு, கிரகத்தைத் தேடாதே என்கிறோம். ஆனால் பிள்ளை பிந்தி வந்தால் மட்டும் காரணத்தைத் தேடுவதை விட்டுக் குற்றவாளியைத் தேடத் தொடங்கிவிடுகிறோமே, ஏன்? குற்றவாளி கிடைத்துவிட்டால் தேடல் நின்றுவிடும். தண்டித்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கலாம். காரணத்தைத் தேடினாலோ, கிடைத்த பிறகுதான் வேலையே தொடங்கும். அதனால்தான் முன்னது எளிதாக இருக்கிறது.

ஓர் உண்மை வழக்கை எடுத்துக்கொள்வோம். நிலக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளி. எட்டாம் வகுப்பு மாணவி, வயது பதின்மூன்று. பெயர் வேண்டாம். பள்ளி மணி 9.15-க்கு, அவள் வருவது 9.45-க்கு. ஆவணி மாதத்தில் இருபது வேலை நாட்களில் எட்டு நாட்கள் இவ்வாறு. கேட்டால் தலை குனிவாள், பதில் வராது.

வருகைப் பதிவேடு இத்தகைய வழக்கில் உதவாது. அதில் வந்தாள், வரவில்லை என்ற இரண்டுக்குத்தான் இடம் உண்டு. பிந்தி வந்தாள் என்பதற்கு இடமில்லை. ஆகவே தனியே ஒரு சிறு ஏட்டில் நாளும் கிழமையும் வந்த நேரமும் குறித்து வந்தோம். ஆனி மாதத்திலிருந்தே குறித்தோம். கிழமையில் ஏதும் ஒழுங்கு தெரியவில்லை. ஆனியில் பல நாள். ஆடியிலே திடீரென்று குறைந்தது, அதிலும் வந்த சில நாட்களும் வெள்ளிக்கிழமைகளாகவே இருந்தன. ஆவணியில் மீண்டும் எட்டு நாள். சோம்பல் மாதம் பார்த்தா வரும்? ஆடியிலே மறைந்து ஆவணியிலே முளைக்கும் திமிர் என்று ஒன்று உண்டா?

விடை சுவரிலே தொங்கிக் கொண்டிருந்தது. தினசரி நாட்காட்டியை எடுத்து ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஆவணியின் எட்டு நாட்களில் ஆறு, சுப முகூர்த்தம் என்று அச்சிட்ட நாட்கள் அல்லது அவற்றுக்கு முந்திய நாட்கள்! ஆடியில் திருமணம் இல்லை, அம்மன் கோயில் வெள்ளிகள் உண்டு. நிலக்கோட்டை என்றால் பூச்சந்தை, மல்லிகைக் காடு. முகூர்த்தம் வந்தால் மல்லிகைக்கு விலை ஏறும். விலை ஏறிய நாளில் செடியில் ஒரு மொட்டைக்கூட விட்டுவைக்க வீட்டார்க்கு மனம் வராது. அன்று மாலை மலரப்போகும் மொட்டை, வெயில் ஏறும் முன் பறித்து மண்டியிலே சேர்த்தால் ஒரு விலை. வரத்து பெருகியபின் சேர்த்தால் வேறு விலை. அரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் கூலிக்கு ஆள் வைத்தால் மிஞ்சுவது ஏது? ஆகவே விடியும் முன் நான்கு மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தாயும் தந்தையும் இறங்குகிறார்கள், மகளும் இறங்குகிறாள்.

இதன் பின்னால் நடப்பது வெறும் கணக்கு. பறித்து முடிய 8.30. தந்தை பூவோடு இருசக்கர வண்டியில் மண்டிக்குப் போய்விடுகிறார். மகள் வீடு வந்து, குளித்து, கஞ்சி குடித்துக் கிளம்புவதற்குள் 8.40 பேருந்து போய்விடுகிறது. மூன்று கிலோமீட்டர் நடை. 9.45. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டும் பள்ளி வாயிலில் தெரிகிறது. அதைப் பிடித்துக்கொண்டு 'ஒழுங்கீனம்' என்கிறோம். ஊரார்க்கெல்லாம் நல்ல நாள். நாள் பார்த்துச் சொன்னவருக்கும் நல்ல நாள். அந்த மாலையின் மொட்டைப் பறித்த பெண்ணுக்கு மட்டும் வகுப்புக்கு வெளியே நிற்கும் நாள்!

மற்ற இரண்டு நாட்களுக்கு முகூர்த்தம் காரணமில்லை. ஒரு நாள் பெருமழை, ஒரு நாள் தாய்க்குக் காய்ச்சல் என்று பின்னர் அறிந்தோம். எல்லாவற்றையும் ஒரே காரணத்தில் அடைத்துவிடத் துடிப்பதும் ஆராய்ச்சி ஆகாது.

இழப்பு என்ன என்பதையும் அளந்து பார்ப்போம். எட்டு நாள், நாளைக்கு அரை மணி. மொத்தம் நான்கு மணி நேரம். நாற்பது நிமிடப் பாடவேளையாகக் கணக்கிட்டால் ஆறு வேளை. ஒரு மாதத்தில் ஆறு வேளைதானே என்று தோன்றும். ஆனால் அவை பல பாடங்களில் சிதறிய ஆறு வேளைகளா? இல்லை. முதல் வேளை அவ்வகுப்புக்கு நாள்தோறும் கணிதம். ஆகவே ஆறும் ஒரே பாடத்தில் விழுந்த ஓட்டை. காரணிப்படுத்துதலின் முதற்படியைக் கேளாதவளுக்கு அடுத்த நாள் இரண்டாம் படி இருள். அதற்கடுத்த நாள் மேலும் இருள். வரலாற்றில் ஒரு பக்கம் விட்டால் அடுத்த பக்கம் படிக்கலாம். கணிதத்தில் அது இயலாது. 'மண்டையில் ஏறவில்லை' என்று சொல்லப்படும் பிள்ளைகளில் எத்தனை பேர், சொன்ன நேரத்தில் அங்கே இல்லாதவர்கள்!

கண்ணுக்குத் தெரியாத இழப்பு இன்னொன்று, தூக்கம். பத்து மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுந்தால் ஆறு மணி நேரம். அவ்வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கூற்று. ஆகவே நேரத்தோடு வந்த நாளிலும் அவள் பிற்பகலில் கண்ணயர்வதைக் காணலாம். பிந்துவதை மட்டும் நிறுத்திவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணுபவர் இதைக் கவனிக்க வேண்டும். ஓடி வந்து 9.15-ஐத் தொட்டுவிட்டால் ஏடு நிறைவடையும். பெண் நிறைவடைய மாட்டாள்.

இத்தனைக்கும் பள்ளிகளின் பழைய மருந்து என்ன? பிந்தி வந்தவரை வெளியே நிறுத்துவது. அல்லது அரை நாள் வரவில்லை என்று குறிப்பது. நேரத்தை இழந்து வந்தவளுக்குத் தண்டனை, மேலும் நேரத்தை இழப்பது! அதன் விளைவையும் பிள்ளைகள் விரைவிலேயே கணக்கிட்டு விடுகிறார்கள். எப்படியும் அரை நாள் போயிற்று, அவமானமும் உண்டு என்றால், பாதி வழியில் திரும்பிவிடுவதே மேல் என்று. தாமதம் முதிர்ந்து விடுப்பாகிறது, விடுப்பு முதிர்ந்து இடைநிற்றல் ஆகிறது. ஏட்டைப் பார்த்தாலே இதைக் கண்டுகொள்ளலாம்: பிந்திய நாட்கள் குறைந்து, வராத நாட்கள் கூடத் தொடங்கினால் அது முன்னேற்றம் அல்ல, அபாயம்.

இவற்றை எல்லாம் மனத்திற்கொண்டு நாம் எழுதிய கடிதம் இது:

"அன்புள்ள அம்மா அவர்களுக்கும் அப்பா அவர்களுக்கும் வணக்கம். உங்கள் மகள் வகுப்பில் தமிழ்க் கட்டுரையைத் தெளிவாக எழுதுகிறாள். தெரியாததைக் கேட்கத் தயங்குவதில்லை. ஆவணி மாதத்தில் எட்டு நாட்கள் அரை மணி நேரம் பிந்தி வந்தாள். அந்நேரம் எங்கள் வகுப்பில் கணிதம் நடக்கிறது. அதனால் ஆறு வேளைப் பாடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அது எனக்குக் கவலையாக இருக்கிறது. காலையில் உங்கள் வீட்டில் வேலை மிகுதி என்று அறிகிறேன். எந்தெந்த நாட்களில் சிரமம் என்பதை நீங்கள்தாம் எனக்குச் சொல்ல முடியும். உங்களுக்கு ஓய்வான ஒரு மாலை வேளையைச் சொல்லி அனுப்பினால் நானே வீட்டிற்கு வருகிறேன். அதுவரை, விட்டுப்போன பாடத்தை உணவு இடைவேளையில் சொல்லிக் கொடுக்கிறேன். பிந்திய நாளிலும் அவளைத் தவறாமல் அனுப்புங்கள். வகுப்புக்குள் அமர்த்திக்கொள்வேன்."

இக்கடிதத்தில் அழகு ஏதும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு காரணம் உண்டு. தாயையும் தந்தையையும் சேர்த்து விளித்தது, மகளின் காலை நேரத்தை அறிந்தவள் தாய் என்பதனால். முதலில் சொன்ன நல்ல செய்தி முகமன் அல்ல, உண்மை. பொய்ப் புகழ்ச்சியானால் படித்துக் காட்டும் பெண்ணே நகைப்பாள். 'தொடர்ந்து' என்பதற்குப் பதில் எட்டு நாள் என்றோம். எண், வசையைக் குறைக்கும். எட்டு நாள் பிந்தினாள் என்றால் பன்னிரண்டு நாள் நேரத்தோடு வந்தாள் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. பூ, மொட்டு, முகூர்த்தம் என்று ஏதும் எழுதவில்லை. நம் ஊகம் ஊகமே. அதைச் சொல்லும் உரிமை பெற்றோருடையது. துப்பறிந்துவிட்டோம் என்று காட்டிக்கொண்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு பதின்மூன்று வயதுப் பெண் இதைத் தன் தாய்முன் கூச்சமின்றி உரக்கப் படிக்க முடியுமா என்று சோதித்த பிறகே உறையிலிட்டோம். இந்த ஒரு சோதனை போதும், கடிதத்தின் பாதிப் பிழைகளைக் களைய.

வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பிந்தியோர் பட்டியலைப் போடும் வழக்கம் இப்போது பரவுகிறது. நாற்பது வீடுகள் பார்க்க ஒரு வீட்டின் வறுமையை ஒட்டுவது அது. கையெழுத்துக் கடிதம் மெதுவானது. ஆனால் ஒருவருக்கு மட்டும் உரியது.

இங்கே கூர்மையான ஓர் எதிர்க் கேள்வி எழும்; எழவேண்டும். "குழந்தையை நான்கு மணிக்கு எழுப்பி வேலை வாங்குவது சட்டப்படியே தவறாயிற்றே? கனிவு என்ற பெயரில் அதை மூடி மறைப்பதா?" நியாயமான கேள்வி. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை குடும்பத்திற்கு உதவலாம் என்கிறது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோதான். 2017-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் தெளிவு: மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வேலையும் கூடாது, பள்ளி வருகைக்கு இடையூறான உதவியும் கூடாது.

இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கடிதத்தில் எழுதவும் இல்லை. கடிதத்தில் எழுதினால் அது மிரட்டல். அதையும் மகளின் வாயாலேயே கேட்கச் செய்வது கொடுமை. நேரில், பெரியவர்களிடம், மகள் அருகில் இல்லாத வேளையில் சொன்னோம். குற்றம் சாட்டாமல் பேசுவது என்றால் உண்மையைக் குறைத்துப் பேசுவது என்று பொருளல்ல. எதைச் சொல்வது என்பதில் விட்டுக்கொடுக்க முடியாது. எங்கே, யாரிடம், எவ்வரிசையில் சொல்வது என்பதில்தான் கனிவுக்கு இடம் இருக்கிறது.

"பூ காத்திருக்காதே சார், நாங்க என்ன செய்ய?" என்றார் அந்தத் தாய். "பூவை நிறுத்தச் சொல்லவில்லை அம்மா, பிள்ளையைப் பூவிலிருந்து எடுக்க வழி உண்டா என்றுதான் கேட்க வந்தேன்" என்றோம். நெடுநேரம் பேசியபின் அவர்களே ஒரு வழி சொன்னார்கள். அடுத்த காட்டுக் குடும்பத்தோடு ஆள் மாற்றிக்கொள்வது. இவர்கள் காட்டில் முகூர்த்த நாளில் அவர்கள் இறங்க, மற்றொரு நாள் இவர்கள் அங்கே இறங்குவது. பள்ளித் தரப்பிலும் ஒன்று செய்யப்பட்டது. தலைமையாசிரியர் இசைவோடு அவ்வகுப்பின் கணிதம் மூன்றாம் வேளைக்கு மாறியது. அவ்வூரில் பூப் பறிக்கும் பிள்ளை அவள் ஒருத்தி மட்டுமா?

பலன்? இங்கேதான் பகுத்தறிவு நம்மையே சோதிக்க வேண்டும். புரட்டாசியில் அவள் ஏறக்குறைய எல்லா நாளும் நேரத்தோடு வந்தாள். கடிதத்தின் வெற்றி என்று மார்தட்டிக் கொள்ளலாமா? கூடாது. புரட்டாசியில் திருமணமே அரிது. பூ விலையே தளர்ந்து கிடக்கும். கடிதம் எழுதாதிருந்தாலும் அவள் வந்திருப்பாள். உண்மைச் சோதனை ஐப்பசியில்தான். முகூர்த்தங்கள் திரும்பிய அம்மாதத்தில் மூன்று நாள் பிந்தினாள், எட்டு மூன்றாயிற்று. மார்கழியில் நேரத்தோடு வந்ததையும் நம் கணக்கில் சேர்க்கவில்லை; பனியில் மல்லிகை வரத்தே குறைந்துவிடும், பறிக்க மொட்டு இருக்காது. மூன்று ஏன் பூச்சியம் ஆகவில்லை என்பதற்கு விடை, அரை ஏக்கரில் பிழைக்கும் வீட்டின் வரவு செலவில் இருக்கிறது. ஒரு கடிதத்தால் அதை மாற்ற முடியாது. கடிதத்தின் எல்லை அவ்வளவே.

இன்னொரு எல்லையும் உண்டு. அதைச் சொல்லாமல் முடிப்பது ஆபத்து. உடலில் காயம், அச்சம் உறைந்த முகம், பிறர் தோட்டத்தில் கூலிக்கு அனுப்பப்படும் அடையாளம், திருமணப் பேச்சு, இவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் வீட்டுக்குக் கடிதம் எழுதக் கூடாது. அங்கே கடிதம் எச்சரிக்கை மணியாகி, பிள்ளையை மறைத்து வைக்க அவர்களுக்கு நேரம் கொடுத்துவிடும். அப்போது நாட வேண்டியது தலைமையாசிரியரையும் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும். எது கனிவுக்குரிய வீடு, எது காவலுக்குரிய வீடு என்று பிரித்தறியத்தான் முதலில் ஏடு வேண்டும், பிறகு பேனா வேண்டும் என்கிறோம்.

யார் செய்த தாமதம் என்று தொடங்கினோம். மகள் எழுந்தது நான்கு மணிக்கு. ஊரில் எவரும் அவளுக்கு முன் எழவில்லை. தாய் தந்தையர் உழைப்பில் குறையில்லை. விலையை அவர்கள் வைக்கவில்லை. முகூர்த்தத்தை அவர்கள் குறிக்கவில்லை. பேருந்தின் நேரத்தையும் பள்ளியின் பாட அட்டவணையையும் அவர்கள் வகுக்கவில்லை. இவற்றுள் பாட அட்டவணை ஒன்று பள்ளியின் கையில் இருந்தது, அது மாறிற்று. காலைப் பேருந்து ஊராட்சியின் வாய்க்கு எட்டும் தொலைவில் இருக்கிறது, 8.40-ஐ 9 மணியாக்கக் கோரும் மனுவில் பெற்றோர் கையொப்பம் இட்டுக் கொண்டிருக்கிறார்கள். பூ பறிக்கும் வீடுகள் பல அதில் பெயர் எழுதியுள்ளன. முதல் கையொப்பம் அந்தத் தாயுடையது. எழுத்துக் கூட்டி, மகள் சொல்லித் தர, தானே இட்டது.